ஆலை அவருடையது, மார்க்கா நம்முடையது
கூலிக்கு அரைத்து வாங்கிச் சொந்தப் பெயரில் விற்க நினைக்கும் நரிக்குடிக்காரருக்கு ஒரு குதிரைவாலிக் கணக்கு

தை பிறந்ததும் நரிக்குடி, திருச்சுழிப் பக்கம் குதிரைவாலி அறுப்பு மும்முரமாகிவிடும். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்த மானாவாரிக் காடு இது. மூன்று மாதச் சொச்சத்தில் கதிர் முற்றும். அடித்துத் தூற்றிய தானியத்தை வியாபாரி களத்திலேயே எடை போட்டு லாரியில் ஏற்றிவிடுவார். அது சேலம், தருமபுரிப் பக்கத்து ஆலைகளுக்கும், சமயத்தில் மகாராஷ்டிரத்தின் நாசிக் வரைக்கும் போய் உமி நீங்கி அரிசியாகிறது. பிறகு பளபளப்பான பவுச்சில் ஏறி மதுரைக்கும் அருப்புக்கோட்டைக்குமே திரும்பி வருகிறது. நம் காட்டில் விளைந்ததை நாமே கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம், பையில் இருப்பது வேறு யாருடைய பெயரோ.

இதைப் பார்க்கும் இளைஞர்களுக்கு, நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு மார்க்கா போட்டு விற்றால் என்ன என்று தோன்றுவது இயல்பு. தோன்றியதும் முதலில் போய் நிற்பது இயந்திரம் விற்கும் கடையில். அங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். ஒரே ஒரு ஹல்லரை வாங்கிவிட்டால் குதிரைவாலி அரிசி வந்துவிடாது. தூசும் சருகும் நீக்கச் சலிப்பான், கல்லை நீக்க டீஸ்டோனர், அளவு பிரிக்கக் கிரேடர், உமி உடைக்க ஹல்லர், உடைந்த உமியைக் காற்றால் இழுக்க ஆஸ்பிரேட்டர், உடையாத மணியைப் பிரிக்கக் கிராவிட்டி செப்பரேட்டர் என்று ஒரு வரிசையே வேண்டும். அதற்கு மும்முனை மின்சாரம் வேண்டும், தானியத்தின் ஈரத்தைப் பார்த்து இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இத்தனையும் வாங்கி வைத்தால், தையிலிருந்து சித்திரை வரை ஓடும், மீதி மாதங்களில் தூசு படிந்து நிற்கும். வங்கித் தவணை மட்டும் பன்னிரண்டு மாதமும் வரும்.

ஆண்டு முழுவதும் பலருடைய தானியத்தை அரைக்கும் ஆலைக்குக் கூலி கொடுத்து அரைத்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம். தானியம் நம்முடையது, ஆலை அவருடையது, பையில் நம் பெயர். கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் தொழிலின் முழுச் சூட்சுமமும் ஒரே கேள்வியில் இருக்கிறது: அந்தக் கூலியை எந்த எடைக்குக் கொடுக்கிறோம்?

நம் மாவட்டத்துக்குப் பழகிய வழி

இது வெளியிலிருந்து வந்து இறங்கிய முறையல்ல. அருப்புக்கோட்டை நெசவுத் தெருக்களில் சொந்தத் தறி இல்லாமலேயே சேலை வியாபாரம் செய்பவர்கள் உண்டு. பாவும் ஊடையும் நூலாகக் கொடுத்து, கரை இப்படி, முந்தி இப்படி என்று சொல்லி, கூலிக்கு நெய்து வாங்குவார்கள். நெய்து வந்த சேலையை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்து, இழை அறுந்த இடம், கரை கோணிய இடம் பார்த்த பிறகே கூலி கையில் வரும். கொடுத்த நூலுக்கும் வந்த சேலைக்கும் எடைக் கணக்கு உண்டு. இந்த இரண்டு பழக்கத்தையும், அதாவது வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பதையும் நூலை எடை போட்டு ஒப்பிடுவதையும், தானியத்துக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதைத்தான் இனி பார்க்கப் போகிறோம்.

சிவகாசிப் பக்கம் இன்னும் பெரிய உதாரணம் இருக்கிறது. தீப்பெட்டி நெடுங்காலம் சிறுதொழிலுக்கு ஒதுக்கப்பட்ட பண்டமாக இருந்தது. சிகரெட்டுக்குப் பெயர்போன ஐடிசி நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் தீப்பெட்டி வியாபாரத்துக்கு வந்தபோது, சொந்த ஆலை கட்டவில்லை. சிறு ஆலைகளில் செய்ய வைத்துத் தன் பெயரில் விற்றது. ஊதுபத்தியிலும் அதே வழிதான், 'மங்கள்தீப்' பத்திகள் சிறு உற்பத்தியாளர்களிடம் செய்து வாங்கியவை. சந்தை பிடித்த பிறகுதான், 2005-ல், ஐடிசியின் துணை நிறுவனம் ஒன்று பழைய தீப்பெட்டி நிறுவனமான விம்கோவை வாங்கியது. தீப்பெட்டி, ஊதுபத்தி, ஊறுகாய் உள்ளிட்ட கடைசி இருபது பண்டங்களின் ஒதுக்கீடு 2015 ஏப்ரலில் நீக்கப்பட்டது. இன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் செய்யப்படுவதும் அடிப்படையில் இதே ஏற்பாடுதான். வடிவமும் விற்பனையும் தரமும் ஒருவரிடம், தயாரிப்பு இன்னொருவரிடம்.

பெரிய நிறுவனங்கள் இதைச் செய்யும்போது ஆலையிலேயே உட்கார்ந்து பார்க்கத் தனி ஆட்களை வைத்திருக்கும். நரிக்குடியிலிருந்து ஒரு லாரி தானியத்தோடு போகும் நமக்கு அது முடியாது. நாம் திரும்பி வந்த பிறகும் ஆலை நம் சொல்படி நடக்க வேண்டும். அதற்கு வழி கூலி ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது.

கூலி போகும் வழியில் அரிசியும் போகும்

ஆலைக்காரருக்குக் கூலி கொடுக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. உள்ளே போகும் தானியத்தின் எடைக்குக் கொடுப்பது ஒன்று. வெளியே வரும் அரிசியின் எடைக்குக் கொடுப்பது இரண்டாவது. பணக் கூலியைக் குறைத்துக்கொண்டு, உமி, தவிடு, குருணை எல்லாவற்றையும் ஆலையே எடுத்துக்கொள்வது மூன்றாவது.

ஒவ்வொன்றும் ஆலையை ஒவ்வொரு பக்கம் இழுக்கும். இதில் யாருடைய நேர்மையையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. இயந்திரத்தை ஓட்டும் ஆள் ஒரு நாளில் நூறு சின்ன முடிவுகள் எடுக்கிறார், அந்த முடிவுகள் கூலி இருக்கும் திசையில் சாயும், அவ்வளவுதான்.

தானிய எடைக்குக் கூலி என்றால், சீக்கிரம் ஓட்டி முடித்தால் ஆலைக்கு லாபம். ஹல்லரின் வேகத்தைக் கூட்டி ஒரே ஓட்டத்தில் உமியை உடைத்துத் தள்ளுவார்கள். மணி நொறுங்கிக் குருணை ஆகும். அரிசி எடைக்குக் கூலி என்றால், எடை குறையக் கூடாது என்று சலிப்பதிலும் பிரிப்பதிலும் கை இளகும். உமி நீங்காத மணியும் நொறுங்கலும் அரிசியோடு சேர்ந்தே மூட்டையில் ஏறும். உபபொருள் எல்லாம் ஆலைக்கு என்றால், குருணை கூடுவதில் ஆலைக்கு நஷ்டமே இல்லை, மாவு அரைக்கவும் தீவனத்துக்கும் விலை உண்டு. தீட்டிய தவிடும் காசுதான். மூன்றில் இதுதான் பார்க்கக் கூலி குறைவாகவும் உள்ளே செலவு அதிகமாகவும் இருக்கும் ஏற்பாடு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை, சந்தை நிலவரப்படி மாற்றிக்கொள்ளலாம். குதிரைவாலியின் உமி கெட்டியாகப் பற்றியிருக்கும். நல்ல தானியம், நிதானமான ஓட்டம் என்றால் எடையில் அறுபதிலிருந்து அறுபத்தைந்து சதவீதம் தீட்டாத அரிசியாகக் கிடைக்கலாம். 1,000 கிலோ தானியம் கிலோ 40 ரூபாய்க்கு வாங்கியது, அடக்கம் 40,000. ஓர் ஆலை கிலோ தானியத்துக்கு 6 ரூபாய் கூலி கேட்கிறது, 620 கிலோ அரிசி தருகிறது. மொத்தம் 46,000 ரூபாய், அரிசி கிலோவுக்கு 74 ரூபாய் அடக்கம். இன்னோர் ஆலை 5 ரூபாய்தான் கேட்கிறது. ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று அங்கே போகிறோம். வேகமாக ஓட்டியதில் நொறுங்கல் கூடி, கொஞ்சம் தீட்டியும்விட்டதில் 560 கிலோதான் திரும்புகிறது. 45,000 ரூபாயை 560-ஆல் வகுத்தால் கிலோ 80 ரூபாய். கூலியில் ஒரு ரூபாய் குறைந்தது, அரிசியில் ஆறு ரூபாய் ஏறியது.

அதனால் நான் சொல்லும் ஏற்பாடு இது. கூலி தானிய எடைக்கே இருக்கட்டும், ஆனால் முழுக் கூலியும் இரண்டு நிபந்தனை நிறைவேறினால்தான். ஒன்று, ஒப்புக்கொண்ட அரிசி விகிதம் வர வேண்டும். இரண்டு, அரிசி மாதிரிச் சோதனையில் தேற வேண்டும். விகிதம் தாண்டினால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கொடுங்கள். குருணை, தவிடு, உமி அனைத்தும் எடை போட்டு நமக்குத் திரும்ப வேண்டும். வேண்டாமென்றால் எடை போட்ட பிறகு ஆலைக்கே விலைக்குக் கொடுத்துவிடலாம். எடை போடுவதுதான் முக்கியம்.

ஏனென்றால் நூலுக்கும் சேலைக்கும் போல இங்கேயும் ஒரு கணக்குச் சீட்டு இருக்கிறது. உள்ளே 1,000 கிலோ. வெளியே அரிசி 620, குருணை 50, உமியும் தவிடும் 270, கல், மண், சருகு 40. கூட்டினால் 980. காற்றில் போன தூசும் காய்ந்த ஈரமும் 20 கிலோ என்று ஒப்புக்கொள்ளலாம். காணாமல் போனது 60 கிலோ, 80 கிலோ என்று வந்தால் எங்கோ ஓர் இடத்தில் விட்டுப்போகிறது. கூட்டல் சரியாக இருந்தும் அரிசி குறைந்து உமி கூடியிருந்தால், ஆஸ்பிரேட்டர் காற்று அதிகமாகி நல்ல அரிசியையும் உமியோடு இழுத்திருக்கலாம். உமிக் குவியலில் ஒரு கை அள்ளி உள்ளங்கையில் ஊதிப் பாருங்கள். உமி பறந்த பிறகு கையில் அரிசி நின்றால் காரணம் அதுதான். ஆலைக்காரரிடம் காட்டினால் அவரே காற்றுத் தகட்டைத் திருகிக் குறைத்துவிடுவார், சண்டை போடத் தேவையே இல்லை.

"பாத்து அரைச்சுக் குடுங்க அண்ணாச்சி"

மூட்டையை இறக்கிவிட்டு எல்லோரும் சொல்லும் வார்த்தை இது. அண்ணாச்சியும் தலையாட்டுவார். அவர் மனதில் இருக்கும் நல்ல அரிசி வெள்ளையாக இருக்கும், ஏனென்றால் கடைக்காரர்கள் அவரிடம் அதைத்தான் கேட்கிறார்கள். நம் பையில் 'தீட்டாதது' என்று அச்சடித்திருப்போம். இரண்டும் இரண்டு வேறு அரிசி.

ஆகவே சொல்லால் கேட்காமல் பொருளால் கேட்க வேண்டும். நமக்குத் திருப்தியான அரிசி வரும்வரை ஐம்பது, நூறு கிலோ ஓட்டிப் பார்த்து, சரியானது கிடைத்ததும் அதை இரண்டு கண்ணாடிச் சீசாவில் போட்டு, வாயில் ஒட்டி, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும். இனி வரும் ஒவ்வொரு லாட்டையும் அந்தச் சீசாவோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. தீட்டாத குதிரைவாலி மங்கலான பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில் இருக்கும், தீட்டத் தீட்ட வெளுக்கும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்துத் தேய்த்தால், அதிகம் தீட்டியது வெள்ளை மாவாகக் கையில் ஒட்டும். நிறம் நாளாவட்டத்தில் மாறும் என்பதால் சீசாவை இருட்டில் வைத்து, புது அறுவடை வந்ததும் மாற்றிக்கொள்வது நல்லது.

அடுத்தது சோதனை. மேல் மூட்டையை அவிழ்த்து ஒரு பிடி எடுத்துப் பார்ப்பது சோதனையாகாது. மூட்டைகளின் மேலும் நடுவிலும் அடியிலும் கம்பியால் குத்தி எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்க வேண்டும். குவியலை நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ள வேண்டும். இப்படியே குறைத்துக்கொண்டு வந்து 100 கிராமில் நிறுத்தி, அதைச் சொளகில் பரப்பி உட்கார வேண்டும். உமி நீங்காத மணி ஒரு பக்கம், நொறுங்கல் ஒரு பக்கம், கல்லும் மண்ணும் ஒரு பக்கம், சாமையோ தினையோ வேறு தானியம் ஒரு பக்கம். ஒவ்வொன்றையும் நகைத் தராசு போன்ற நுண்ணிய தராசில் எடை போட்டால், கிராம் கணக்கே சதவீதக் கணக்கு.

இங்கே ஓர் இடறல் உண்டு. ஒப்பந்தத்தில் 'உமி நீங்காத மணி ஒரு சதவீதத்துக்குள்' என்று எழுதினால் கடுமையான நிபந்தனை போலத் தெரியும். குதிரைவாலி மிகச் சின்ன மணி, 100 கிராமில் முப்பதாயிரத்துக்கும் மேல் இருக்கும். ஒரு சதவீதம் என்றால் அதில் முந்நூறு மணிக்கு மேல் உமியோடு நிற்கிறது. சோறு வடித்துத் தட்டில் போட்டால் கறுத்த புள்ளிகளாகத் தெரியும், பல்லில் நெருடும். வாங்கியவர் இரண்டாம் தடவை வாங்க மாட்டார். அதனால் சதவீதம் ஆலைக்கும் பத்திரத்துக்கும் இருக்கட்டும். நம் சொந்த அளவுகோல், ஒரு கைப்பிடியைப் பரப்பினால் எத்தனை உமி மணி கண்ணில் படுகிறது என்ற எண்ணிக்கையாக இருக்கட்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2023-ல் பதினைந்து சிறுதானியங்களுக்குப் பொதுத் தர அளவுகளை வெளியிட்டது. ஈரம், யூரிக் அமிலம், வேற்றுப் பொருள், பிற தானியம், வண்டு துளைத்த மணி, சூம்பிய மணி என்று அதில் வரம்புகள் இருக்கின்றன. அந்த வரம்புக்குள் நிற்பது சட்டத்துக்குப் போதும், வீட்டுச் சமையலறைக்குப் போதாது.

ஆலையால் திருத்த முடியாதவை

சிறுதானியத்தில் வாடிக்கையாளர் சொல்லும் முதல் குறை கல். ஆலைக்காரரிடம் டீஸ்டோனர் இருக்கிறதே என்பார்கள். டீஸ்டோனர் எடை வித்தியாசத்தை வைத்துப் பிரிக்கும் இயந்திரம். அதிரும் சல்லடைத் தட்டின் கீழிருந்து காற்று வரும், லேசான தானியம் மிதந்து ஒரு பக்கம் இறங்கும், கனமான கல் தட்டைப் பற்றி மேல் பக்கம் ஏறும். தார்ச்சாலையிலும் செம்மண் களத்திலும் ஒட்டும் பொடிக் கல்லை அது பிடித்துவிடும். கரிசல் மண் கட்டியைப் பிடிக்காது. காய்ந்து உருண்ட மண்துளி அளவிலும் கிட்டத்தட்ட மணி போலவே இருக்கும், கனத்திலும் பெரிய வித்தியாசம் இருக்காது, தானியத்தோடு மிதந்து வந்துவிடும். ஹல்லரில் பாதி உடைந்து தூளாகி அரிசியின் மேல் படியும், மீதி அப்படியே பவுச்சுக்குள் போகும். அரிசியைத் தண்ணீரில் போட்டுக் கழுவினால் அடியில் சேறு தங்குவது இதனால்தான்.

இதைத் தடுக்கும் இடம் ஆலையல்ல, களம். சாலையில் காய வைக்காமல் தார்ப்பாயில் காய வைத்து அடித்த தானியத்துக்குக் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூட்டிக் கொடுப்பேன் என்று அறுப்புக்கு முன்பே விவசாயியிடம் பேசிவிட வேண்டும். மார்க்கா வைத்திருப்பவர் தரத்தைக் கவனிப்பது என்றால், பாதி வேலை ஆலைக்குப் போகும் முன்பே காட்டில் முடிந்துவிடுகிறது. நரிக்குடியில் இருந்துகொண்டு தொழில் செய்பவருக்கு உள்ள பெரிய வசதியும் இதுதான். சேலத்து ஆலைக்காரருக்கு எந்தக் காட்டுத் தானியம் எந்த மூட்டையில் இருக்கிறது என்று தெரியாது, நமக்குத் தெரியும்.

ஈரமும் அப்படித்தான். பன்னிரண்டு சதவீதத்தை ஒட்டிக் காய்ந்திருந்தால் உமி சுலபமாக உடையும், அரிசியும் தங்கும். மீட்டர் இல்லாதவர்கள் உப்பை வைத்துப் பார்க்கலாம். உலர்ந்த கண்ணாடிச் சீசாவில் காய்ந்த பொடியுப்பையும் தானியத்தையும் போட்டு நன்றாகக் குலுக்கிச் சிறிது நேரம் விட வேண்டும். உப்பு சீசாச் சுவரில் ஒட்டினால் ஈரம் பதினைந்துக்கு மேல் இருக்கிறது என்று அர்த்தம், இன்னும் காய வேண்டும். ஒட்டாவிட்டால் அதற்குக் கீழே. துல்லியம் வேண்டுமானால் மீட்டர்தான்.

இன்னொன்று, தை, மாசியில் எல்லாத் தானியமும் ஒரே நேரத்தில் ஆலைக்குப் போகும். ஐந்து டன் கொண்டுவருகிறவருக்கும் ஐம்பது டன் கொண்டுவருகிறவருக்கும் நடுவே யாருடையது முதலில் ஓடும் என்று சொல்லத் தேவையில்லை. நம் மூட்டை ஆலைக் கொட்டகையில் வாரக்கணக்கில் கிடக்கும், பக்கத்தில் வேறு யாரோ விட்டுப்போன பழைய சாக்கிலிருந்து வண்டு ஏறும். நன்றாகக் காய வைத்து, நம் ஊரிலேயே அடுக்கி வைத்து, பங்குனிக்குப் பிறகு மாதம் ஒரு லாட்டாக அனுப்புவதே மேல். தீட்டாத அரிசியில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் அது சீக்கிரம் காறும், உமியோடு இருக்கும் தானியம் மாதக்கணக்கில் கெடாது. விற்கிற அளவுக்கு மட்டும் அவ்வப்போது அரைப்பது சரக்கையும் காக்கும், கையிருப்புப் பணத்தையும் காக்கும்.

ஓட்டம் தொடங்கும்போது ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். தானியத்தை மேலே தூக்கும் எலிவேட்டரின் அடித்தொட்டியில் முந்தைய ஆள் ஓட்டிய சரக்கு சில கிலோ எப்போதும் தங்கியிருக்கும். அவர் சாமை ஓட்டியிருந்தால் நம் முதல் மூட்டையில் சாமை வரும். ஆலையைச் சுத்தம் செய்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள், அப்படியும் முதலில் விழும் ஒரு மூட்டையைத் தனியாகக் கட்டிக் குறி போட்டு மாவுக்கு ஒதுக்குங்கள். அதைக் கணக்குச் சீட்டிலும் எழுதிவிடுங்கள்.

பை யார் கையில்?

அரைத்த ஆலையிலேயே பவுச்சில் அடைத்து, அட்டைப்பெட்டியில் கட்டி வாங்குவது வசதிதான். ஆனால் ஆரம்பத்தில் அப்படிச் செய்ய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அரிசியை மூட்டையாக நரிக்குடிக்குக் கொண்டுவந்து நாமே அடைத்தால், ஒவ்வொரு கிலோவும் நம் கண் முன்னால் ஒருமுறை கொட்டப்படுகிறது. சேலையை வெளிச்சத்தில் விரிப்பதற்கு இணையான இடம் இதுதான். பவுச்சுக்குள் போன பிறகு குறையைக் கண்டுபிடிப்பவர் வாடிக்கையாளராகத்தான் இருப்பார். நாலு பேர் உட்கார்ந்து சலித்து, எடை போட்டு, சீல் வைத்தால் ஒரு நாளில் கணிசமான சரக்கை முடிக்கலாம். மேலே சொன்ன 620 கிலோ என்பது அரைக் கிலோவாக 1,240 பைகள். பைக்கு 5 கிராம் தாராளமாக விழுந்தால் பன்னிரண்டு பை அரிசி சும்மா போகும். குறைவாக விழுந்தால் எடையளவுச் சட்டம் வரும். அரைக் கிலோ பையில் 15 கிராம் வரை பிழையை விதி பொறுத்துக்கொண்டாலும், சராசரி எடை அறிவித்ததற்குக் குறையக் கூடாது.

அச்சிட்ட பவுச்சில் ஆசைப்பட்டு அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு சிலிண்டர் வெட்டி, குறைந்தபட்ச அளவென்று சுருள் கணக்கில் அடிக்கச் சொல்வார்கள். இரண்டு வருடத்துக்குத் தேவையான பை முதல் மாதத்திலேயே வந்து இறங்கும், அதற்குள் விலை மாறும், முகவரி மாறும். வெற்றுப் பவுச்சை வாங்கி, சிவகாசியில் அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டி ஆரம்பிப்பதே உத்தமம். ஆலையில் அடைக்கும் நிலை பிற்பாடு வந்தால், அச்சிட்ட பைகளை ரூபாய் நோட்டுப் போல எண்ணிக் கொடுங்கள். 5,000 பை போனால் நிரம்பியது, கிழிந்தது, மீதி மூன்றும் சேர்த்து 5,000 திரும்ப வேண்டும். நம் பெயர் போட்ட பை மீதமிருந்து அதில் வேறு அரிசி ஏறினால், சந்தையில் பதில் சொல்வது நாம்தான்.

சட்டமும் அப்படியே சொல்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, தயாரித்தவர், அடைத்தவர், விற்றவர் எல்லோர் மீதும் பொறுப்பைச் சுமத்துகிறது. தரம் குறைந்த உணவுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, தவறான லேபிளுக்கு 3 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். ஆலையில் அரைத்தது, எனக்குத் தெரியாது என்ற பதில் எடுபடாது. ஆலைக்கு உரிமம் இருந்தால் போதாது, பெயர் போட்டு விற்கும் நமக்கும் தனிப் பதிவோ உரிமமோ வேண்டும். தீட்டிய அரிசியைத் தீட்டாதது என்று எழுதுவதும் தவறான லேபிளில்தான் சேரும்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் தானியத்தை விற்பனை பில்லில் அனுப்பிவிடக் கூடாது. ஜாப் ஒர்க் என்று குறித்த டெலிவரி சலானில் அனுப்ப வேண்டும். சரக்கு நம்முடையதாகவே இருக்கிறது என்பதற்கு அதுதான் காகிதச் சாட்சி. ஜிஎஸ்டி சட்டத்தின் 143-வது பிரிவு, அனுப்பிய சரக்கு ஓர் ஆண்டுக்குள் திரும்பி வர வேண்டும் என்கிறது. ஆலைக்காரருக்குக் கடன் முற்றி வங்கி வந்து பூட்டுப் போட்டாலும், இந்தச் சலான் கையில் இருந்தால்தான் நம் மூட்டையை மீட்கப் பேச முடியும்.

வண்டும் காறலும் சொல்லும் தேதி

பையில் 'இத்தனை மாதத்துக்குள் பயன்படுத்தவும்' என்று போடுவதற்கு முன் அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்துக் கடையில் பார்த்த பையிலிருந்து எழுதிக்கொண்டது என்றால் ஆபத்து. அவர் தீட்டிய அரிசி விற்றிருக்கலாம்.

ஒவ்வொரு லாட்டிலும் பத்துப் பையை எடுத்துக் காப்பு மாதிரியாகத் தனியாக வையுங்கள். குளிர்ந்த அறையில் வேண்டாம், சித்திரை வெயிலில் கொதிக்கும் மளிகைக்கடை அலமாரி எப்படியோ அப்படியே தகரக் கூரைக்குக் கீழ் வையுங்கள். மாதம் ஒரு பை திறந்து மோந்து பாருங்கள், ஒரு கைப்பிடி வேகவைத்தும் பாருங்கள். காறல் வாடை எந்த மாதம் தொடங்குகிறதோ அதற்கு முந்தைய மாதத்தோடு தேதியை நிறுத்த வேண்டும். மாவு வண்டு வேறு கதை. அடைக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, முட்டையாக உள்ளே போயிருக்கும். ஐந்தாறு வாரத்தில் கடையில் பை ஊரத் தொடங்கும். காப்பு மாதிரியிலும் அதே லாட்டில் வண்டு இருந்தால் ஆலையிலோ நம் கிடங்கிலோ ஏறியது. காப்பு மாதிரி சுத்தமாக இருந்து கடைப் பையில் மட்டும் இருந்தால், பையின் சீலையும் கடை அலமாரியையும் பார்க்க வேண்டும். லாட் எண் போடாமல் விற்பவருக்கு இந்த இரண்டில் எது என்று ஒருநாளும் தெரியப் போவதில்லை, மொத்தச் சரக்கையும் திரும்ப எடுப்பார், அல்லது ஒன்றையும் எடுக்க மாட்டார்.

வியாபாரம் பிடித்துவிட்டால் வரும் சிக்கல் ஒன்று பாக்கி இருக்கிறது. நம் சரக்கு ஓடுவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பவர் ஆலைக்காரர். எந்தக் கடைக்குப் போகிறது, எவ்வளவு போகிறது, என்ன தரம் கேட்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். நாளை அவரே ஒரு மார்க்கா போடுவதை யாரும் தடுக்க முடியாது, தடுக்க நினைப்பதும் நியாயமில்லை. நம் பெயரை அவர் போடாமல் தடுக்கலாம். வணிகச்சின்னப் பதிவை முதல் பை விற்கும் முன்பே நம் பெயரில் செய்துவிட வேண்டும். அரிசியும் மாவும் 30-வது வகுப்பில் வரும், தனிநபரோ சிறுதொழிலோ இணையத்தில் விண்ணப்பித்தால் கட்டணம் 4,500 ரூபாய், பதிவானால் பத்தாண்டுக்கு நிற்கும். அதோடு, தேவை இல்லாத காலத்திலும் வருடத்துக்கு இரண்டு லாட்டையாவது இன்னோர் ஆலையில் ஓட்டி, அங்கேயும் ஒரு சீசாவில் மாதிரி ஒட்டிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். முதல் ஆலையில் மோட்டார் எரிந்த வாரத்தில்தான் புது ஆலை தேடுவது என்று இருந்தால், அந்த லாட் கூலி என்னவாக இருந்தாலும், அரிசி எப்படி வந்தாலும் வாங்கித்தான் ஆக வேண்டியிருக்கும்.